காற்புள்ளி தொலைந்த அறிக்கை

கேள்வி:

மதிப்புக்குரிய டொக்டர் ஐயாவுக்கு,

எனக்கு வயது 58. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடத்துக்கு மேலாக ஜெர்மனியில் இருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் வயிற்று நோவுக்காக எம்.ஆர்.ஐ. எடுத்தபோது சதையியின் தலைப்பகுதியில் 2.8 சென்டிமீட்டர் நீர்க்கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். சதையியின் தலையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் சேர்த்து அகற்ற வேண்டும் என்கிறார் இங்குள்ள சத்திரசிகிச்சை நிபுணர். இன்னும் நான்கு கிழமையில் திகதி. ஸ்கான் அறிக்கையையும் இரத்தப் பரிசோதனையையும் மகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தந்தாள், இத்துடன் வைத்திருக்கிறேன். புற்றுநோய்க் குறியீடான சி.ஏ. 19-9 எனக்கு 314 இருக்கிறது. 37-க்குக் கீழே இருக்க வேண்டுமாம். அதைப் பார்த்த நாளிலிருந்து வீட்டில் யாருக்கும் நித்திரை இல்லை. ஸ்கான் படங்களைக் கைத்தொலைபேசியில் பிடித்து நான்கு படங்களும் அனுப்பியிருக்கிறேன். சத்திரசிகிச்சை செய்யத்தான் வேண்டுமா? ஒரு வரியில் சொன்னாலும் போதும்.

— வாசகர், ஜெர்மனி

பதில்:

அன்புள்ள ஐயா,

முதலில் அந்த 314. உங்கள் மகள் தட்டச்சு செய்த பட்டியலில் அதற்குச் சில வரிகள் மேலே பொட்டாசியம் 43 என்று இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் கிரியாட்டினின் 09. உயிரோடு இருக்கும் எவருடைய இரத்தத்திலும் பொட்டாசியம் 43 இருக்க முடியாது. வழக்கமான அளவு 3.5 முதல் 5 வரை. 7-ஐத் தாண்டினாலே இதயத்துடிப்பு தடுமாறும். பூஜ்ஜியத்தில் தொடங்கும் 09 என்ற எண்ணை எந்த ஆய்வகமும் அச்சடிப்பதில்லை. நாம் புள்ளி வைக்கும் இடத்தில் ஜெர்மானியர்கள் காற்புள்ளி வைப்பார்கள் என்பது உங்களுக்குப் பழகிய விஷயம்தான். 4,3 என்பது 43 ஆகவும், 0,9 என்பது 09 ஆகவும் மாறியிருக்கின்றன. பட்டியலை மறுபடி அடிக்கும்போது காற்புள்ளிகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. அப்படியானால் 314 என்பதும் மூலத்தில் 31,4 ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். 31.4 இயல்பான அளவு.

வாய்ப்பு அதிகம் என்றுதான் சொல்கிறேன், உறுதி என்று சொல்லவில்லை. அதே பட்டியலில் சோடியம் 139 என்றும் இருக்கிறது. அது காற்புள்ளியே இல்லாத முழு எண். 314-உம் அப்படி ஒரு முழு எண்ணாக இருக்கலாம். ஜெர்மன் மொழித் தாள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இதைப் படித்ததும் எடுத்துப் பாருங்கள். ஒருவேளை 314-தான் என்றாலும் அந்த ஓர் எண் புற்றுநோய்க்குச் சான்று ஆகாது. பித்தநாளம் அடைபட்டாலும் கணையம் அழற்சி கண்டாலும் சி.ஏ. 19-9 ஏறும். (நீங்கள் சதையி என்று எழுதுவதைத்தான் நாங்கள் கணையம் என்கிறோம். கீழே அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன்.)

இப்போது அதே பட்டியலில் உங்கள் கண்ணில் படாத ஒரு வரியைக் காட்டுகிறேன். எனக்கு 314-ஐ விட அதுதான் கவலை தருகிறது. எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை. பட்டியலில் அது 52 என்று இருக்கிறது, அலகு இல்லை. காற்புள்ளி உதிர்ந்திருக்கிறது என்ற நம் கணக்கைப் போட்டால் 5,2 சதவீதம். சர்க்கரை நோய் இல்லாதவரின் அளவு அது. ஆனால் ஜெர்மன் ஆய்வகங்கள் இந்தப் பரிசோதனையைச் சதவீதத்தில் மட்டும் தருவதில்லை, ஒரு மோலுக்கு இத்தனை மில்லிமோல் என்றும் தருகின்றன. அந்த அலகில் 52 என்றால் அது ஏறத்தாழ 6.9 சதவீதம். அது சர்க்கரை நோய். எண் ஒன்றுதான், ஒரு வழியில் படித்தால் ஆரோக்கியம், இன்னொரு வழியில் படித்தால் நோய்.

உங்களைப் போலக் கணையத்தில் நீர்க்கட்டி உள்ளவருக்கு இது சாதாரண வேறுபாடு அல்ல. கடந்த ஓராண்டுக்குள் புதிதாகச் சர்க்கரை நோய் வந்திருந்தால் அது அந்தக் கட்டியைப் பற்றிய எச்சரிக்கைக் குறிகளில் ஒன்று. சர்க்கரையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. சோதனைத் தாள்களை அனுப்பியிருக்கிறீர்கள், ஆனால் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. எடை குறைந்ததா? அந்த வயிற்று நோவு முதுகுக்குப் பரவியதா, அன்று கணைய அழற்சியைக் காட்டும் லைபேஸ் என்ற இரத்தப் பரிசோதனை செய்தார்களா? பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்காவது கணையப் புற்றுநோய் இருந்ததா? இந்த நான்கு வரிகள் எனக்கு நான்கு கைப்பேசிப் படங்களை விடப் பயன்படும்.

அடுத்து ஸ்கான் அறிக்கை. இங்கே எண்கள் சரியாக வந்திருக்கின்றன. கட்டி 2.8 சென்டிமீட்டர், கணையத்தின் முதன்மைக் குழாய் 6 மில்லிமீட்டர். சிக்கல் சொற்களில். தலைப்பில் உங்கள் மகள் 'நேட்டிவ் எம்.ஆர்.ஐ.' என்று பெயர்த்திருக்கிறார். மூலத்தில் 'நாட்டீஃப்' என்ற சொல் இருந்திருக்க வேண்டும். அகராதியில் அதற்கு 'பிறப்பிடம் சார்ந்த' என்ற பொருள் கிடைக்கும். கதிரியக்கத் துறையில் அதற்குப் பொருளே வேறு. கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தாமல் எடுத்த ஸ்கான் என்பதை அந்த ஒரு சொல் சொல்கிறது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கட்டியின் உள்சுவரில் சிறு முடிச்சு ஏதும் இருக்கிறதா என்பதுதான் உங்கள் விஷயத்தில் பெரிய கேள்வி. உங்களுக்கு இருப்பதாகக் கருதப்படும் ஐ.பி.எம்.என். என்பது கணையக் குழாயின் உட்புறத்தில் வளர்ந்து, கெட்டியான சளியைச் சுரக்கும் ஒருவகைக் கட்டி. அந்தச் சளி திரண்டு சுவரில் ஒட்டிக்கொண்டால் அதுவும் முடிச்சுப் போலவே தெரியும். கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தினால் இரத்த ஓட்டமுள்ள உண்மையான முடிச்சு ஒளிரும், சளி ஒளிராது. மருந்தில்லாமல் எடுத்த ஸ்கானில் இந்த வேறுபாட்டை உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் அறிக்கையின் கடைசிப் பத்தியில் 'முடிச்சு இல்லை' என்று பெயர்த்திருக்கிறது. மூலத்தில் வெறும் 'இல்லை' என்றா இருக்கிறது, 'மதிப்பிட முடிந்த அளவில் உறுதியான முடிச்சு காணப்படவில்லை' என்றா? ஜெர்மன் கதிரியக்க மருத்துவர்கள் இரண்டாவது மாதிரியில் அடிக்கடி எழுதுவார்கள். முதலாவது ஒரு முடிவு. இரண்டாவது, 'இன்னும் பார்க்க வேண்டும்' என்ற வேண்டுகோள்.

இன்னொரு இடம். மகளின் பெயர்ப்பில் 'கலப்பு வகை ஐ.பி.எம்.என். கண்டறியப்பட்டது' என்று இருக்கிறது. முதன்மைக் குழாயிலும் கிளைக் குழாயிலும் இருப்பதுதான் கலப்பு வகை. ஜெர்மன் அறிக்கைகளில் நோயின் பெயருக்கு முன்னால் இரண்டெழுத்துச் சுருக்கம் ஒன்று அடிக்கடி வரும். 'ஃபெர்டாக்ட் அவுஃப்' என்பதன் சுருக்கம் அது. 'சந்தேகிக்கப்படுகிறது' என்று பொருள். பெயர்ப்பவர்கள் அதை ஏதோ குறியீடு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். சந்தேகம் நோயாகிவிடும். நீங்கள் மூலத்தை அனுப்பாததால் உங்கள் அறிக்கையில் அந்த இரண்டு எழுத்துகள் இருந்தனவா என்று எனக்குத் தெரியாது. அந்த வரியைக் கண்ணால் பாருங்கள்.

மகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். இது பயிற்சி பெற்றவர்களும் தடுக்கி விழும் இடம். 'ரௌம்ஃபோர்டருங்' என்ற சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'இடம் கேட்டல்' என்று வரும். மருத்துவத்தில் அது கட்டி. அவர் அடுத்த முறை செய்ய வேண்டியது மூன்றே வேலை. மூலத்தில் எத்தனை வரியோ பெயர்ப்பிலும் அத்தனை வரி, அதே வரிசையில். எண்களைத் தொடவே வேண்டாம்: காற்புள்ளி, அலகு, பக்கத்தில் உள்ள இயல்பளவு எல்லாம் அப்படியே இருக்கட்டும். பொருள் உறுதியாகத் தெரியாத சொல்லை ஊகித்துப் பெயர்க்காமல் ஜெர்மன் எழுத்திலேயே விட்டுவிடட்டும். விட்டுவைத்த சொல்லை நான் விசாரித்துத் தெரிந்துகொள்வேன், தவறாகப் பெயர்த்த சொல்லை விசாரிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றாது. பெயர்ப்போடு மூலத்தின் தெளிவான பி.டி.எஃப். பிரதி கட்டாயம் வர வேண்டும். அரசு முத்திரையிட்ட மொழிபெயர்ப்பாளரிடம் பணம் கொடுத்துச் செய்ய வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். விசாவுக்கோ காப்பீட்டுக்கோ அது தேவைப்படலாம். மருத்துவக் கருத்துக்கு எனக்குத் தேவையில்லை.

அறுவை சிகிச்சை வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு வரியில் சொல்ல மாட்டேன். இந்தத் தாள்களை வைத்து அப்படிச் சொல்பவரையும் நம்ப வேண்டாம். ஆனால் முடிவு எதைச் சார்ந்து இருக்கிறது என்பதைச் சொல்ல முடியும்.

இந்தக் கட்டிகளில் கிளைக் குழாயில் மட்டும் இருப்பவை பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருக்கும். முதன்மைக் குழாய் விரிந்திருந்தால் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு கூடுகிறது. குழாய் 10 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் விரிந்திருந்தால், அல்லது ஒளிரும் முடிச்சு 5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது கணையத் தலையில் கட்டி இருந்து மஞ்சள் காமாலையும் வந்தால், உடல் தாங்கும் நிலையில் உள்ளவருக்கு அறுவை சிகிச்சையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். உங்கள் குழாய் 6 மில்லிமீட்டர். 5-க்கும் 10-க்கும் இடைப்பட்ட இந்தப் பகுதியில்தான் மருத்துவர்கள் வேறுபடுகிறார்கள். அதில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை.

2018-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல், குழாய் 5 முதல் 9.9 மில்லிமீட்டர் வரை விரிந்திருப்பதை அறுவை சிகிச்சைக்கான சார்புக் காரணமாகக் கொள்கிறது. வேறு பெரிய நோய் இல்லாதவருக்கு அப்படி ஒரு காரணம் இருந்தாலே அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்பது அதன் போக்கு. உங்கள் நிபுணர் அந்த வழியில் நின்று சொல்லியிருக்கலாம். அது தவறு அல்ல. 2024-இல் வந்த கியோட்டோ வழிகாட்டுதல் இதே அளவை 'கவலைக்குரிய குறி' என்ற வகையில் வைக்கிறது. எண்டோஸ்கோப்பி வழியாக அல்ட்ராசவுண்ட் செய்து உள்ளே பார்ப்பது அதன் அடுத்த படி. அந்தப் பரிசோதனையில் வாய்வழியாகக் குழாயை இறக்கி, இரைப்பையின் சுவருக்கு அப்பால் சில மில்லிமீட்டர் தூரத்திலிருந்தே கணையத்தைப் பார்க்கிறார்கள். முடிச்சா, சளியா என்று பிரித்தறிய அது மிகவும் உதவும். வேண்டியிருந்தால் ஊசியால் திரவமும் எடுக்கலாம்.

உங்களுக்கு அந்தப் பரிசோதனை செய்யப்பட்டதா? அனுப்பிய தாள்களில் இல்லை. செய்திருந்தால் உங்கள் நிபுணரின் முடிவுக்கு நான் இன்னும் அறியாத ஆதாரம் இருக்கிறது. செய்யவில்லை என்றால், கணையத் தலையை எடுப்பதற்கு முன் அதைச் செய்யலாமா என்று அவரிடமே கேளுங்கள். என் கருத்து, கேட்க வேண்டும் என்பதுதான். உங்களுக்குச் சொல்லியிருக்கும் இந்த விப்பிள் அறுவை சிகிச்சை சின்ன விஷயம் அல்ல. கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி எல்லாம் போகும். மூன்று இடங்களில் புதிதாக இணைக்க வேண்டும். அதில் கணையத்தை இணைத்த இடம் கசிவதுதான் நாங்கள் எல்லோரும் பயப்படும் சிக்கல். சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குச் சர்க்கரை நோய் வரும். பலர் செரிமான நொதி மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டியிருக்கும். தேவைப்படுகிறவருக்கு அது உயிர் காக்கும். தேவையில்லாதவருக்கு அது செய்யப்படக் கூடாது.

இந்தத் தராசில் உங்கள் எச்பிஏ1சி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 52 என்பது மில்லிமோல் என்று தெரியவந்து, சென்ற ஆண்டுச் சோதனையில் உங்களுக்குச் சர்க்கரை இல்லை என்றும் இருந்தால், குழாய் விரிவோடு புதிய சர்க்கரை நோயும் சேர்ந்து இரண்டு குறிகள் ஆகின்றன. அப்போது என் மனம் அறுவை சிகிச்சைப் பக்கம் நன்றாகவே சாயும். அது 5.2 சதவீதமாகவும் சி.ஏ. 19-9 31.4-ஆகவும், முடிச்சு இல்லை என்றும் உறுதியானால், கவனமான கண்காணிப்பைப் பற்றிப் பேச இடம் இருக்கிறது.

படங்களைப் பற்றி. கைப்பேசியில் பிடித்த நான்கு படங்களைத் திறந்து பார்த்தேன். அவற்றால் பயனில்லை. எம்.ஆர்.ஐ. என்பது நூற்றுக்கணக்கான அடுக்குகள். மேலும் கீழும் நகர்த்தி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, குழாயை நானே அளந்து பார்க்க வேண்டும். நான்கு அடுக்குகளில் கட்டி தெரிகிறது, குழாய் தெரியவில்லை.

படங்களைக் கேட்பதில் எனக்குப் பிடிவாதம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து ஒரு குடும்பம் அறிக்கையின் பெயர்ப்பை மட்டும் அனுப்பியது. கணையத் தலையில் 3 சென்டிமீட்டர் நீர்க்கட்டி என்று இருந்தது. அதை நம்பி, தொடர்ந்து கண்காணியுங்கள் என்று எழுதிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மூலப் படங்கள் வந்தன. பார்த்தால் அது கட்டியே இல்லை. முன்சிறுகுடலின் சுவர் பை போலப் பிதுங்கி, அதில் திரவம் நிறைந்திருந்தது. எழுத்தில் அதுவும் 'நீர் நிறைந்த அமைப்பு'தான். அந்த அம்மையார் இரண்டு வாரம் தனக்குக் கணையக் கட்டி என்று நம்பி வாழ்ந்தார், என் கடிதத்தால். அதன் பிறகு படங்கள் இல்லாமல் கருத்துச் சொல்வதில்லை.

நீங்கள் அனுப்ப வேண்டியவை டைகாம் கோப்புகள், அதாவது ஸ்கானின் எல்லா அடுக்குகளும் அடங்கிய மூலப் படக் கோப்புகள். ஸ்கான் எடுத்த இடத்தில் கேட்டால் குறுந்தகட்டிலோ இணைய இணைப்பாகவோ தருவார்கள். தகட்டைத் திறந்தால் `DICOMDIR` என்ற கோப்பும் அதோடு சில அடைவுகளும் இருக்கும். உள்ளிருக்கும் கோப்புகளின் பெயர் வெறும் எண்களாக இருப்பதைப் பார்த்துச் சிலர் பெயர் மாற்றுவார்கள், நடுவில் சிலவற்றை மட்டும் எடுத்து அனுப்புவார்கள். இரண்டும் வேண்டாம். முழுத் தகட்டையும் ஒரே ஸிப் கோப்பாக்கி, கடவுச்சொல் வைத்து, இணையச் சேமிப்பில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள். கடவுச்சொல்லைத் தனியே அனுப்புங்கள். அனுப்புமுன் உங்கள் கணினியில் திறந்து, திரையில் வரும் பெயரும் பிறந்த தேதியும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். வேறொருவரின் தகடு கைமாறி வந்ததையும் நான் கண்டிருக்கிறேன். முன்பு எப்போதாவது வேறு காரணத்துக்காக வயிற்று ஸ்கான் எடுத்திருந்தால் அதுவும் வேண்டும். ஐந்தாண்டுக்கு முந்தைய சி.டி. ஸ்கானில் கட்டி 2.7 சென்டிமீட்டராக இருந்திருந்தால் கதை ஒன்று. அன்று 1 சென்டிமீட்டராக இருந்திருந்தால் வேறு கதை. ஆண்டுக்கு 2.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் வளர்வதும் கவலைக்குரிய குறிதான்.

கேட்கத் தயங்க வேண்டாம். ஜெர்மன் குடியியல் சட்டத்தின் 630ஜி பிரிவு நோயாளிக்குத் தன் மருத்துவக் கோப்பைப் பார்க்கவும் பிரதி பெறவும் உரிமை தருகிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. முதல் பிரதிக்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 அக்டோபர் 26 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்கிறேன் என்று உங்கள் நிபுணரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அங்கே அது பழக்கமான விஷயம். மறைத்துச் செய்தால் எனக்குத் தோன்றும் கேள்விகளை அவரிடம் கேட்க வழி இல்லாமல் போகும்.

இன்னொன்று. நான் உங்களுக்கு இரண்டாவது ஆளாக இருக்கக் கூடாது, மூன்றாவதாக இருக்கலாம். ஜெர்மன் புற்றுநோய்ச் சங்கம் சான்றளித்த கணையப் புற்றுநோய் மையங்கள் உங்கள் நாட்டிலேயே இருக்கின்றன. அங்கே ஒருவர் உங்கள் தாள்களை மொழிபெயர்ப்பே இல்லாமல் படிப்பார், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், தேவையானால் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டையும் அங்கேயே செய்வார்கள். பல துறை மருத்துவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து படங்களைப் பார்ப்பார்கள். சென்னையிலிருந்து என்னால் தர முடிந்தது தாளையும் படத்தையும் பார்த்துச் சொல்லும் கருத்து மட்டும். மருந்து எழுத முடியாது, உங்களைச் சோதிக்க முடியாது. அறுவை சிகிச்சைதான் என்று முடிவானால், அந்த மருத்துவமனையில் ஆண்டுக்கு எத்தனை கணைய அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன என்று கேளுங்கள். குறைந்தபட்ச எண்ணிக்கை இல்லாத மருத்துவமனை இதைச் செய்யக் கூடாது என்ற விதி ஜெர்மனியில் இருக்கிறது. கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அதன் பிறகும் வெளிநாட்டு நிபுணர் ஒருவருக்கு எழுதுவதானால் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். உங்கள் விஷயத்தில் நான் பெற விரும்பும் கடிதம் இப்படி இருக்கும்:

'எனக்கு வயது 58, ஆண். உயரம், எடை இவ்வளவு. ஆறு மாதத்துக்கு முன் எடை இவ்வளவு. இந்தத் தேதியில் மேல்வயிற்று நோவு வந்து இத்தனை நாள் இருந்தது. அன்றைய லைபேஸ் இவ்வளவு. மஞ்சள் காமாலை வரவில்லை. சர்க்கரை நோய் உண்டு அல்லது இல்லை. எச்பிஏ1சி இந்த அலகில் இவ்வளவு, சென்ற ஆண்டு இவ்வளவு. இதய நோய், இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை, ஒவ்வாமை இவை. குடும்பத்தில் கணையப் புற்றுநோய் இவருக்கு. கான்ட்ராஸ்ட் இல்லாத எம்.ஆர்.ஐ. இந்தத் தேதியில் எடுக்கப்பட்டது. முழு டைகாம் கோப்புகள், மூல அறிக்கை, வரிக்கு வரி மொழிபெயர்ப்பு மூன்றும் இணைப்பில் உள்ளன. எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் செய்யவில்லை. விப்பிள் அறுவை சிகிச்சைக்கு இந்தத் தேதி குறித்திருக்கிறார்கள். என் கேள்வி: இப்போது கிடைக்கும் ஆதாரத்தில் அறுவை சிகிச்சை சரியா, அல்லது அதற்கு முன் வேறு பரிசோதனை தேவையா? பதிலை என் மருத்துவரிடம் காட்டுவேன்.'

தாள்களின் பெயரைத் தேதியில் தொடங்குங்கள், காலவரிசையில் தானாக அடுக்கப்பட்டுவிடும். நாற்பது தாள்களை அனுப்பினால் முக்கியமான இரண்டு அதில் புதைந்துவிடும். பழைய சளி, காய்ச்சல் சீட்டுகள் வேண்டாம்.

நான்கு கிழமைத் தேதியை நினைத்துப் பதற வேண்டாம். மஞ்சள் காமாலை இல்லாத, தாளில் தெரியும் இந்த அளவிலான கட்டிக்கு, ஒரு பரிசோதனைக்காகச் சில வாரம் தள்ளுவது பொதுவாகத் தீங்கு செய்யாது. தள்ளலாமா என்பதை உங்கள் நிபுணரே சொல்லட்டும். நீங்களாக ரத்து செய்ய வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் தேநீர் நிறத்திலும் மலம் வெளிறியும் போனாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, முதுகுக்குப் பாயும் கடும் வலி வந்தாலோ என் பதிலுக்கோ வேறு யாருடைய பதிலுக்கோ காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இன்றிரவு நீங்கள் பார்க்க வேண்டியவை மூலத் தாளில் மூன்று இடங்கள்: சி.ஏ. 19-9 வரியில் காற்புள்ளி, எச்பிஏ1சி வரியில் அலகு, நோயின் பெயருக்கு முன்னால் அந்த இரண்டு எழுத்துகள். அவற்றை எழுதி, தகட்டின் இணைப்போடு அனுப்புங்கள். படம் வந்ததும் முதலில் குழாயை அளந்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.